கூட்டலுக்குள் இருக்கும் பரப்பு

கீழே இரண்டு கூட்டல்கள் இருக்கின்றன. இரண்டிலும் n உறுப்புகள்.

A = n/(n²+1) + n/(n²+2) + n/(n²+3) + … + n/(n²+n)

B = n/(n²+1²) + n/(n²+2²) + n/(n²+3²) + … + n/(n²+n²)

முதலாவதில் பகுதியில் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகிறோம். இரண்டாவதில் அதே எண்களின் வர்க்கங்களைக் கூட்டுகிறோம். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. இப்போது n-ஐ எல்லையின்றிப் பெரிதாக்கினால், A என்ற கூட்டல் 1-ஐ நெருங்குகிறது. B நெருங்குவது π/4-ஐ, அதாவது 0.7854 என்ற எண்ணை. வட்டம், கோணம் என்ற பேச்சே இல்லாத ஒரு பின்னக் கூட்டலுக்குள் π எப்படி வந்தது? A-யில் அது ஏன் வரவில்லை?

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் ‘கூட்டலின் எல்லையாக வரையறுத்த தொகையீடு’ என்ற பகுதியில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஒரு திசையில்தான் பயிற்சி கிடைக்கும்: தொகையீட்டைக் கொடுத்து, அதைக் கூட்டலாக மாற்றி, எல்லை காணச் சொல்வார்கள். மறுதிசைதான் சுவாரசியமானது. கையில் கூட்டல் இருக்கிறது. அதற்குள் எந்தத் தொகையீடு இருக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டும். அப்படிக் கண்டுகொள்வது எப்படி, எங்கே ஏமாறுவோம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

ஒவ்வோர் உறுப்பும் பூச்சியத்தை நோக்கிப் போனாலும்

முதலில் ஒரு தவறான பாதையை மூடிவிடுவோம். B-யில் எந்த ஓர் உறுப்பை எடுத்தாலும் n பெரிதாகும்போது அது 0-வை நோக்கிப் போகிறது. எல்லைகளின் கூட்டல்தான் கூட்டலின் எல்லை என்று படித்திருக்கிறோம். அப்படியானால் விடை 0 + 0 + 0 + … = 0 என்று எழுதலாமா? முடியாது. அந்த விதி, உறுப்புகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்கும்போதுதான் செல்லும். இங்கே உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகும் அதே வேளையில் அவற்றின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1/n அளவு, எண்ணிக்கை n. இரண்டையும் பெருக்கினால் 1-ஐ ஒட்டிய ஓர் அளவு மிஞ்சுகிறது. அது சரியாக எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதைக் காண, ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் 1/n என்ற காரணியை வெளியே எடுப்போம். A, B இரண்டிலும் k-ஆவது உறுப்பு இப்படி ஆகிறது:

A: n/(n²+k) = (1/n) · 1/(1 + k/n²)

B: n/(n²+k²) = (1/n) · 1/(1 + (k/n)²)

வேறுபாடு இப்போது வெளியே வந்துவிட்டது. A-யில் உள்ளே இருப்பது k/n². k-இன் மிகப் பெரிய மதிப்பு n தான். ஆகவே k/n² ஒருபோதும் 1/n-ஐத் தாண்டாது. n பெரிதாகும்போது முதல் உறுப்பிலும் கடைசி உறுப்பிலும் அது சேர்ந்தே கரைந்துவிடுகிறது. எல்லா உறுப்புகளும் 1/n என்ற ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன. இதை உறுதியாகக் காட்டுவதும் எளிது: எல்லா உறுப்புகளையும் கடைசி உறுப்பாக நினைத்தால் கூட்டல் n²/(n²+n), எல்லாவற்றையும் முதல் உறுப்பாக நினைத்தால் n²/(n²+1). A இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டும் 1-ஐ நெருங்குவதால் A-யும் 1-ஐ நெருங்கியாக வேண்டும். இங்கே தொகையீட்டுக்கு வேலை இல்லை.

B-யில் உள்ளே இருப்பது k/n. அது கரைவதில்லை. k, 1-இலிருந்து n வரை போகும்போது k/n என்ற எண் 0-வை ஒட்டிய இடத்திலிருந்து 1 வரை நடந்துபோகிறது. முதல் உறுப்பு ஏறத்தாழ 1/n. கடைசி உறுப்பு அதில் சரிபாதி, 1/(2n). n எவ்வளவு பெரிதானாலும் இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. நடு உறுப்பு, அதாவது k = n/2 என்ற இடத்தில் இருப்பது, எப்போதும் 1/n-இல் ஐந்தில் நான்கு பங்கு. இதே இரண்டு பக்க நெருக்கலை B-யில் செய்து பார்த்தால், அது 1/2-க்கும் 1-க்கும் நடுவே இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. உறுப்புகளின் வரிசைக்கு ஓர் உருவம் இருக்கிறது. n மாறினாலும் அந்த உருவம் நிலைத்து நிற்கிறது. அந்த உருவத்தின் பெயர்தான் f(x) = 1/(1+x²) என்ற சார்பு.

கூட்டல் பரப்பாவது

இனி படம் வரையலாம். x-அச்சில் 0-விலிருந்து 1 வரையுள்ள துண்டை n சம பாகங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாகத்தின் அகலம் 1/n. k-ஆவது பாகத்தின் வலது முனை k/n. அந்த முனையில் சார்பின் உயரம் f(k/n). அந்த உயரத்தில், அந்த அகலத்தில் ஒரு செவ்வகம் நிறுத்தினால் அதன் பரப்பு (1/n)·f(k/n). B-யின் k-ஆவது உறுப்பு இதுவேதான். ஆகவே B என்பது n செவ்வகங்களின் மொத்தப் பரப்பு. n கூடக் கூடச் செவ்வகங்கள் மெலிந்து, அவற்றின் மேல்விளிம்பு வளைவரையோடு ஒட்டிக்கொள்கிறது. கூட்டல் நெருங்குவது வளைவரைக்குக் கீழேயுள்ள பரப்பை:

B → ∫₀¹ dx/(1+x²) = tan⁻¹ 1 = π/4

‘ஒட்டிக்கொள்கிறது’ என்று சொல்வது போதாது. எவ்வளவு ஒட்டுகிறது என்று கேட்க வேண்டும். நம் சார்பு 1-இலிருந்து 1/2 வரை இறங்கிக்கொண்டே போகிறது. எனவே வலது முனை உயரத்தில் நிறுத்திய செவ்வகங்கள் எல்லாம் வளைவரைக்குக் கீழே அடங்கிவிடும். மொத்தம் உண்மைப் பரப்பைவிடக் குறையும். ஒவ்வொரு பாகத்திலும் விட்டுப்போன துண்டு, அந்தப் பாகத்துக்குள் வளைவரை இறங்கிய அளவு உயரமும் 1/n அகலமும் உள்ள ஒரு சிறு செவ்வகத்துக்குள் அடங்கும். இந்தச் சிறு செவ்வகங்களை எல்லாம் பக்கவாட்டில் நகர்த்தி ஒரே பாகத்துக்குள் கொண்டுவாருங்கள். அவை ஒன்றின்மேல் ஒன்று இடைவெளியில்லாமல் அமர்ந்து, 1 − 1/2 உயரமும் 1/n அகலமும் கொண்ட ஒற்றைத் தூணாகிவிடும். அதன் பரப்பு 1/(2n). மொத்தப் பிழை இதைத் தாண்ட முடியாது. n பெரிதானால் அது பூச்சியம்தான். ஏறிக்கொண்டே அல்லது இறங்கிக்கொண்டே போகும் எந்தச் சார்புக்கும் இந்த ஒரே படம் போதும்.

எண்களிலும் இதைப் பார்க்கலாம். n = 10 என்றால் B = 0.75998. n = 100 என்றால் 0.78289. n = 1000 என்றால் 0.78515. இலக்கான 0.78540-க்கு இருக்கும் குறைவு முறையே 0.0254, 0.0025, 0.00025. n பத்து மடங்கானால் பிழை பத்தில் ஒன்றாகிறது. அது நாம் கண்ட 1/(2n) என்ற வரம்பில் ஏறத்தாழப் பாதி. அதற்கும் காரணம் படத்திலேயே இருக்கிறது: மெல்லிய பாகத்துக்குள் வளைவரை ஏறத்தாழ நேர்கோடு. விட்டுப்போன துண்டு ஒரு முக்கோணம். சிறு செவ்வகத்தில் பாதி.

இந்த நடத்தை நமக்கு ஒரு சோதனைக் கருவியும் ஆகிறது. ஒரு கூட்டலைத் தொகையீடு என்று இனம்கண்டு விடை எழுதிவிட்டீர்கள். சரியா என்ற சந்தேகம் இருக்கிறது. கணிப்பானில் n = 10-க்கும் n = 100-க்கும் கூட்டிப் பாருங்கள். முனைகளில் அளவோடு நிற்கும் வழவழப்பான சார்பு என்றால், உங்கள் விடைக்கும் கூட்டலுக்கும் உள்ள இடைவெளி (f(0) − f(1))/(2n) என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். அந்த அளவுக்குக் குறையவே இல்லை என்றால், இனம்கண்டதில் எங்கோ தவறு.

π வந்த வழி

tan⁻¹ 1 = π/4 என்று எழுதி முடித்துவிட்டோம். ஆனால் வட்டம் எங்கே என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. B என்ற இதே கூட்டல் கேரளத்தில் வட்டத்திலிருந்து நேராகப் பிறந்தது. சங்கமகிராமத்து மாதவரின் வழிவந்த கணிதர்கள் π-க்கு ஒரு முடிவிலாத் தொடரைக் கண்டார்கள். அதன் நிரூபணம் 16ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய ‘யுக்திபாஷா’ என்ற நூலில் இருக்கிறது. அதன் சாரத்தை இன்றைய குறியீடுகளில் சொல்கிறேன்.

ஆரம் 1 உள்ள வட்டம். அதைச் சுற்றி அதைத் தொட்டுக்கொண்டு ஒரு சதுரம். வட்டத்தின் கிழக்குப் புள்ளியில் சதுரத்தின் பக்கம் வட்டத்தைத் தொடுகிறது. அந்தப் புள்ளியிலிருந்து சதுரத்தின் வடகிழக்கு மூலை வரையுள்ள நீளம் 1. அந்த நீளத்தை n சம துண்டுகளாக்கி, பிரிவுப் புள்ளி ஒவ்வொன்றையும் வட்ட மையத்தோடு கோடு போட்டு இணையுங்கள். இந்தக் கோடுகள் வட்டத்தின் எட்டில் ஒரு பங்கு வில்லை n சிறு விற்களாக வெட்டுகின்றன. வட்டத்தின் சுற்றளவு 2π. ஆகவே சிறு விற்களின் மொத்த நீளம் π/4.

ஒரு சிறு வில்லின் நீளம் என்ன? k-ஆவது பிரிவுப் புள்ளிக்குப் போகும் கோடு ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். பக்கங்கள் 1, k/n. எனவே கர்ணத்தின் வர்க்கம் 1 + (k/n)². அந்த இடத்தில் சதுரத்தின் பக்கத்திலுள்ள துண்டின் நீளம் 1/n. அது கர்ணத்துக்குச் சாய்வாகக் கிடக்கிறது. கர்ணத்துக்குச் செங்குத்தாக அளந்தால், வடிவொத்த முக்கோணங்களின்படி அதன் நீளம் கர்ணத்தால் ஒருமுறை வகுபடுகிறது. அது மையத்திலிருந்து கர்ணத்தின் தூரத்தில் இருக்கிறது. வட்டமோ 1 என்ற தூரத்தில். அங்கிருந்து வட்டத்துக்கு இறக்கும்போது கர்ணத்தால் இன்னொரு முறை வகுபடுகிறது. ஆக, சிறு வில் ஏறத்தாழ 1/n-ஐக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தது:

(1/n) · 1/(1 + (k/n)²)

B-யின் k-ஆவது உறுப்பு! π எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. B-யின் ஒவ்வோர் உறுப்பும் வட்டத்தின் ஒரு சிறு வில். கூட்டினால் எட்டில் ஒரு பங்கு வட்டம்.

இந்தக் கூட்டலின் எல்லையைக் கேரளக் கணிதர்கள் கண்ட விதமும் நம் பொருளுக்குள்ளேயே வருகிறது. 1/(1+x²) என்ற பின்னத்தை 1 − x² + x⁴ − x⁶ + … என்று விரித்தார்கள். x-இன் இடத்தில் k/n இருப்பதால் ஒரே கூட்டல் பல கூட்டல்களாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று (1² + 2² + … + n²)/n³. இதற்கு n = 10 என்றால் 0.385; n = 100 என்றால் 0.33835, எல்லை 1/3. நான்காம் அடுக்குக்கு எல்லை 1/5, ஆறாம் அடுக்குக்கு 1/7. இத்தகைய அடுக்குக் கூட்டல்களைச் சங்கலிதம் என்று அழைத்து, பொது விதியையும் அவர்கள் கண்டிருந்தார்கள். இன்றைய மொழியில் அது ∫₀¹ xᵖ dx = 1/(p+1). எல்லாவற்றையும் சேர்த்தால்,

π/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + …

x = 1 என்ற முனையில் அந்த விரிவு குவிவதில்லை என்பதால், இந்தக் கடைசிப் படியை இன்றைய கறாருக்கு நிறுவத் தனிக் கவனம் வேண்டும். விடை சரியானதே.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

கூட்டலிலிருந்து 1/n-ஐ வெளியே எடுத்து, மிச்சத்தை k/n-இன் சார்பாக எழுதியபின் தொகையீட்டின் முனைகளைக் குறிக்க வேண்டும். இதில் பலரும் பழக்கத்தில் 0, 1 என்று எழுதிவிடுவார்கள். முனைகளைத் தீர்மானிப்பது k எங்கிருந்து எதுவரை ஓடுகிறது என்பதுதான். முதல் k-ஐ n-ஆல் வகுத்து எல்லை எடுத்தால் கீழ்முனை. கடைசி k-ஐ n-ஆல் வகுத்து எல்லை எடுத்தால் மேல்முனை. B-யில் k-ஐ n-இல் நிறுத்தாமல் 2n வரை ஓடவிட்டால், k/n 2 வரை போகும். எல்லை tan⁻¹ 2, அதாவது ஏறத்தாழ 1.107.

இதே கருத்து இன்னொரு பழக்கமான கூட்டலில் நன்றாகத் தெரியும்:

1/(n+1) + 1/(n+2) + … + 1/(2n)

k-ஆவது உறுப்பை (1/n) · 1/(1 + k/n) என்று எழுதினால், சார்பு 1/(1+x), முனைகள் 0, 1. இன்னொரு விதமாக, பகுதியில் இருக்கும் எண்ணையே m என்று அழைத்தால், உறுப்பு (1/n) · 1/(m/n). m ஓடுவது n+1-இலிருந்து 2n வரை. இப்போது சார்பு 1/x, முனைகள் 1, 2. இரண்டு தொகையீடுகளும் தருவது ஒன்றே: ln 2, அதாவது 0.6931. எதை x என்று எடுப்பது என்பது நம் விருப்பம். எடுத்தபின் முனைகள் அதைத்தான் பின்பற்ற வேண்டும். சார்பை ஒரு முறையிலும் முனைகளை இன்னொரு முறையிலும் எடுத்தால் ∫₁² dx/(1+x) போன்ற கலவை கிடைக்கும். அதன் மதிப்பு ln 1.5, ஏறத்தாழ 0.405. கூட்டலில் மிகச் சிறிய உறுப்பே 1/(2n). அப்படி n உறுப்புகள் சேர்ந்தால் 1/2-க்குக் குறைய வழியில்லை. அந்த ஒரு பார்வையே 0.405 தவறு என்று காட்டிவிடும்.

கிட்டத்தட்ட k/n

சில கூட்டல்கள் k/n-க்குள் சரியாக அடங்க மறுக்கும். உதாரணமாக k-ஆவது உறுப்பு n/(n² + k² + k) என்று வைத்துக்கொள்வோம். 1/n-ஐ வெளியே எடுத்தால் உள்ளே 1 + (k/n)² + k/n² நிற்கிறது. முதல் இரண்டு பகுதிகள் நமக்குத் தெரிந்தவை. மூன்றாவது, A-யில் நாம் பார்த்த கரையும் k/n². எனவே எல்லை π/4 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். அதை நிறுவவும் வேண்டும். k² + k என்பது k²-க்கும் (k+1)²-க்கும் நடுவே இருக்கிறது. ஆகவே நம் உறுப்பு B-யின் k-ஆவது உறுப்பைவிடச் சிறியது. n/(n²+(k+1)²) என்பதைவிடப் பெரியது. இந்தக் கீழ்ப்பக்கக் கூட்டல் வேறு யாருமில்லை: B-யின் முதல் உறுப்பை நீக்கி, கடைசியில் ஒன்றைச் சேர்த்தது. நீக்கியதும் சேர்த்ததும் 1/n-க்குள் அடங்குபவை. எனவே இருபுறக் கூட்டல்களும் π/4-ஐ நெருங்குகின்றன. நடுவில் இருப்பதும் அங்கேதான் போகும். இத்தகைய கணக்குகளில் வேலை இரண்டு கட்டம்: நெருக்கும் கூட்டல்களைத் தேர்ந்தெடுப்பது முதல் கட்டம், அவற்றைத் தொகையீடாகக் கண்டுகொள்வது இரண்டாம் கட்டம்.

பெருக்கலாக வரும்போது

கூட்டலே இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும். n-இன் தொடர்பெருக்கம் n!-இன் n-ஆம் படிமூலத்தை n-ஆல் வகுத்தால், n பெரிதாகும்போது எங்கே போகும்? n-ஐயும் மூலத்துக்குள் கொண்டுபோனால், அது (1/n)(2/n)(3/n)…(n/n) என்ற பெருக்கத்தின் n-ஆம் படிமூலம். k/n வெளிப்படையாகத் தெரிகிறது. மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகி, படிமூலம் 1/n என்ற காரணியாகிறது:

(1/n) · [ln(1/n) + ln(2/n) + … + ln(n/n)]

இது ∫₀¹ ln x dx = −1 என்பதை நெருங்குமானால், நாம் தேடும் எல்லை e⁻¹, அதாவது 0.3679. ஆனால் இங்கே ஒரு தடை. x = 0-வில் ln x கீழே எல்லையின்றி இறங்குகிறது. முன்பு நாம் கட்டிய தூணின் உயரம் இங்கே முடிவிலி. அந்த வாதம் அப்படியே செல்லாது. சார்பு ஏறிக்கொண்டே போவது என்பதால் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. வலது முனை உயரம் எப்போதும் வளைவரைக்கு மேலே. எனவே கூட்டல் −1-ஐவிடக் குறையாது. அதே செவ்வகங்களை ஒரு பாகம் வலப்பக்கம் தள்ளி வைத்தால், அவை வளைவரைக்கு மேலே போகாது. எனவே கூட்டல் 1/n-இலிருந்து 1 வரையுள்ள தொகையீட்டைத் தாண்டாது. அது −1 + (1 + ln n)/n. மிகுதியாக நிற்கும் பகுதி பூச்சியத்தை நெருங்குவதால் விடை உறுதி.

அந்த மிகுதியில் ln n இருப்பதால் நெருங்கும் வேகம் குறைகிறது. n = 10-இல் மதிப்பு 0.4529; n = 100-இல் 0.3799. இடைவெளி 0.085-இலிருந்து 0.012 ஆகிறது, பத்தில் ஒன்றாகக் குறையவில்லை, ஏழில் ஒன்றாகத்தான் குறைந்தது. கணிப்பானில் இப்படி ஒரு தயக்கம் தெரிந்தால், சார்பு ஏதோ ஒரு முனையில் எல்லை மீறுகிறது என்பதற்கு அது அடையாளம்.

எல்லை மீறும் எல்லாச் சார்புகளும் இப்படி வசப்படுவதில்லை. 1 + 1/2 + 1/3 + … + 1/n என்பதையும் (1/n) · 1/(k/n) என்று எழுதலாம். வடிவம் பொருந்துகிறது, சார்பு 1/x, முனைகள் 0, 1. ஆனால் அந்தப் பரப்பு முடிவிலி. கூட்டலும் எல்லையின்றி வளர்கிறது.

k/n எல்லாப் புள்ளியும் அல்ல

இன்னும் ஆழமான ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு சார்பு, விகிதமுறு எண்களில் 1 என்றும் விகிதமுறா எண்களில் 0 என்றும் மதிப்புப் பெறுவதாகக் கொள்வோம். k/n எப்போதும் விகிதமுறு எண். எனவே (1/n)·f(k/n) என்பவற்றின் கூட்டல் எந்த n-க்கும் சரியாக 1, எல்லையும் 1. அதனால் பரப்பு 1 என்று சொல்லலாமா? அதே பாகங்களில் வலது முனைக்குப் பதிலாக உள்ளே ஒரு விகிதமுறா எண்ணைத் தேர்ந்தால் கூட்டல் 0. எந்தப் புள்ளியில் உயரத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறினால், பரப்பு என்று ஒன்று இருப்பதாகச் சொல்ல முடியாது.

தொகையீட்டைக் கூட்டலின் எல்லையாக 1823இல் வரையறுத்த கோஷி, தொடர்ச்சியான சார்புகளோடு நின்றார். 1854இல் ரீமன், பாகங்களை எப்படி வெட்டினாலும், ஒவ்வொரு பாகத்திலும் எந்தப் புள்ளியைத் தேர்ந்தாலும், பாகங்கள் மெலியும்போது கூட்டல் ஒரே எண்ணை நெருங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்து, அதை நிறைவு செய்யும் சார்புகளையே தொகையிடத்தக்கவை என்றார். நம் கூட்டல் அந்த எண்ணற்ற தேர்வுகளில் ஒன்று: சம பாகங்கள், வலது முனைகள். சார்பு தொகையிடத்தக்கது என்று முன்கூட்டியே தெரிந்தால், இந்த ஒரு தேர்வின் எல்லை தொகையீட்டுக்குச் சமம். இந்தத் தேர்வுக்கு எல்லை இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தொகையீடு இருக்கிறது என்று திரும்பிச் சொல்ல முடியாது. 0-விலிருந்து 1 வரை தொடர்ச்சியான சார்புகளில் இந்தக் கவலை இல்லை. ஆகவே k/n-ஐ x ஆக்கியதும் முதலில் கேட்க வேண்டியது, கிடைத்த சார்பு தொடர்ச்சியானதா என்பதே.

முடிவாக ஒரு கூட்டலை முழுவதும் பார்ப்போம். k-ஆவது உறுப்பு k/(n² + k). k, 1-இலிருந்து n வரை. 1/n-ஐ வெளியே எடுத்தால், மேலே k/n, கீழே 1 + k/n². மேலே இருக்கும் k, n-இன் ஒற்றை அடுக்கோடு சேர்ந்து உயிரோடு நிற்கிறது. கீழே இருக்கும் k, n²-க்கு எதிரே கரைந்துவிடுகிறது. நிலைப்பது x என்ற சார்பு மட்டும்; எல்லை ∫₀¹ x dx = 1/2. கீழே k-க்குப் பதில் k² இருந்தால் இரண்டும் நிற்கும். சார்பு x/(1+x²), எல்லை (1/2)·ln 2, ஏறத்தாழ 0.3466. ஒரே உறுப்புக்குள் ஒரு k நிலைத்து இன்னொரு k கரையலாம். எனவே கூட்டலில் k எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம், அது n-இன் எந்த அடுக்குக்கு எதிரே நிற்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். n-க்கு எதிரே நின்றால் அது x. n²-க்கு எதிரே நின்றால் அது வெறும் பிழை, நெருக்கிக் காட்டி நீக்கிவிடலாம்.